ரேகையும் தெரியணும், கோலமும் தெரியணும்

ஊருக்கு ஊர் பியூட்டி பார்லர் வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ்களில் ஒரே மாதிரியான படம் ஒன்றைப் பார்க்கலாம். மணப்பெண் லேசாகத் தலை சாய்த்திருப்பார். மெஹந்தி போட்ட கைகள் கன்னத்தருகே இருக்கும். முகத்தில் ஒரு துளை, ஒரு பூனைமுடி தெரியாது. முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். நாலைந்து மணி நேரம் குனிந்து உட்கார்ந்து போட்ட மெஹந்தியோ பழுப்புத் திட்டாகக் கலங்கிக் கிடக்கும். எந்த வேலையைக் காட்டி வாடிக்கையாளரை அழைக்க நினைத்தார்களோ, அந்த வேலையே படத்தில் இல்லை.

முகம் வழவழவென்று ஆனதும் மெஹந்தி கலங்கியதும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் அல்ல. ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். தோலின் இயல்பைக் காப்பாற்றத் தெரிந்தவர் கையில்தான் மெஹந்தியின் நுணுக்கமும் தப்பிக்கும்.

காரணம் எளிது. செல்போனில் இருக்கும் அழகு ஃபில்டருக்குப் பருத்தழும்பு எது, மாங்காய் வடிவத்துக்குள் போட்ட கட்டம் எது என்று பிரித்தறியத் தெரியாது. சிறிய இடத்துக்குள் சட்டென்று மாறும் நிறத்தையெல்லாம் அது குறையென்று எடுத்துக்கொண்டு, பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். தோல் துளைகளும் மெஹந்தியின் மெல்லிய கோடுகளும் ஏறத்தாழ அந்தச் சிறிய அளவில்தான் இருக்கின்றன. வாசல் தூசியைக் கழுவ வாளித் தண்ணீரை ஊற்றினால் கோலமும் சேர்ந்துதானே போகும்?

ஃபில்டரை அணைத்துவிட்டால் மட்டும் போதாது. வெளிச்சம் குறைந்த அறையில் எடுக்கும்போது படத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் இரைச்சலை மறைக்க, போன் தானாகவே படத்தை மழுப்பும். மாநிறத் தோலில் செம்பழுப்புக் கோடு என்பது வெள்ளைத்தாளில் கறுப்பு மை அல்ல. இரண்டு நிறங்களும் நெருக்கமானவை. அதனால் அந்த மழுப்பலில் முதலில் காணாமல் போவது மெஹந்திதான்.

கோடு எத்தனை பிக்சல்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைதேர்ந்தவர் கோனால் இழுக்கும் மெல்லிய கோடு அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் வழக்கமாகப் போடும் படத்தின் அகலம் 1080 பிக்சல். மணப்பெண்ணின் தலை முதல் இடுப்பு வரை, 60 சென்டிமீட்டர் அகலத்தை அந்தச் சட்டத்துக்குள் அடைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 1.8 பிக்சல்தான் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் கோட்டுக்கு ஒரு பிக்சல்கூட முழுதாக வராது. எவ்வளவு விலையுள்ள கேமராவில் எடுத்திருந்தாலும் திரையில் அந்தக் கோடு இருக்காது.

அதே சட்டத்துக்குள் 20 சென்டிமீட்டர் அகலத்தை மட்டும் வைத்தால் கதை மாறுகிறது. மில்லிமீட்டருக்கு 5 பிக்சலுக்கு மேல் வரும். கோட்டுக்கு இரண்டரைக்கு மேல் கிடைக்கும். இப்போது கோடும் தெரியும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தோலும் தெரியும். இருபது சென்டிமீட்டர் என்றால் ஒரு கையும், அதையொட்டிய முகத்தின் ஒரு பகுதியும் அடங்கும் அளவு. க்ளோசப் எடுப்பது அழகுக்காக மட்டுமல்ல, இந்தக் கணக்கு அதைக் கேட்கிறது. முழு அலங்காரத்தையும் காட்ட வேண்டுமென்றால் அதற்கு வேறு படம் எடுக்கலாம். ஒரே படத்தில் பட்டுப்புடவை, ஒட்டியாணம், சவுரி, மெஹந்தி எல்லாவற்றையும் காட்ட முயல்வதுதான் பெரும்பாலான விளம்பரப் படங்கள் கெடும் இடம்.

வெள்ளி மாலை தொடங்கும் வேலை

திருநெல்வேலியில் ஒரு சிறிய பார்லர், ஞாயிறு காலை பத்து மணிக்கு இப்படி ஒரு படம் எடுக்கத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண் மாநிறம். கேமராவும் உண்டு, போனும் உண்டு. மெஹந்தியை என்றைக்குப் போடுவது?

சனிக்கிழமை இரவு போட்டால் தாமதம். ஞாயிறு காலை கை ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள், தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு பிணைகிறது. பிணைந்த உடனே தெரிவது ஆரஞ்சு. பிறகு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து மெல்ல மெல்லக் கருஞ்சிவப்புக்கும் செம்பழுப்புக்கும் போகும். விழுதைச் சுரண்டி எடுத்த பிறகு முழு நிறம் ஏற ஒன்று முதல் இரண்டு நாள் பிடிக்கும்.

ஆகவே வெள்ளி மாலை நான்கு மணிக்குத் தொடங்குவது சரி. இரு கைகளுக்கும் முன்னும் பின்னும் போட்டு முடிக்க எட்டு மணி ஆகலாம். லேசாகக் காய்ந்ததும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து பஞ்சால் ஒற்றுவார்கள். விழுது வெடித்து உதிராமல் தோலோடு ஒட்டி ஈரமாக இருப்பதற்காக இது. இரவு முழுக்க வைத்திருந்து, சனி அதிகாலை தேங்காய் எண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். தண்ணீரில் கழுவுவதை அன்று பகல் முழுக்கத் தள்ளிப்போடுவது நல்லது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, சுரண்டியதிலிருந்து ஏறத்தாழ முப்பது மணி நேரம் ஆகியிருக்கும். நிறம் ஆழமாகப் பிடித்திருக்கும்.

கைக்கு வேக்ஸிங், ஸ்க்ரப், மெனிக்யூர் எல்லாம் மெஹந்திக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நிறம் பிடிப்பது தோலின் இறந்த மேலடுக்கில்தான். பிறகு வேக்ஸ் போட்டால் அந்த அடுக்கோடு நிறமும் உரிந்து வரும், திட்டுத்திட்டாகிவிடும். போடுவதற்கு முன் கையில் லோஷனோ எண்ணெயோ இருந்தாலும் லாசோன் உள்ளே இறங்காது.

உள்ளங்கை அடர்ந்து சிவப்பதும் புறங்கை வெளிறித் தெரிவதும் போட்டவரின் குறையல்ல. உள்ளங்கையில் அந்த மேலடுக்கு தடிமன். நிறம் தங்க இடம் அதிகம். முழங்கையை நோக்கிப் போகப் போக நிறம் இளகும். எனவே நிறத்தைக் காட்டும் படத்துக்கு உள்ளங்கையும், வடிவத்தின் ஓட்டத்தைக் காட்டும் படத்துக்குப் புறங்கையும் ஏற்றவை.

ஐந்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோனை நாடுவதுதான் இதில் ஆபத்தான குறுக்குவழி. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத், மெஹந்தி சாகுபடிக்குப் பேர்போன ஊர். 2021-ல் சோஜத் மெஹந்திக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தூளைக் குழைத்தாலும், நம் வீட்டு மருதாணியைக் கொட்டைப்பாக்கு சேர்த்து அம்மியில் அரைத்தாலும் கிடைப்பது சிவப்பு வழியே வரும் பழுப்புதான். மை போன்ற கறுப்பு வராது. அப்படிக் கறுப்பாக வந்தால் முடிச்சாயத்தில் பயன்படும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அது சிலருக்குக் கொப்புளமும் தழும்பும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர் பிற்காலத்தில் தலைக்கு டை அடித்தாலே பாதிக்கப்படலாம். படத்தில் கோடு எடுப்பாகத் தெரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுப்பது, வாடிக்கையாளரின் தோலை வைத்து விளையாடுவது.

வடிவத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கை முழுக்க இடைவெளியே இல்லாமல் நிரப்பினால் நேரில் பிரமிப்பாக இருக்கும். படத்தில் எல்லாம் ஒரே அடர்த்தியாகி கண் எங்கும் நிற்காது. உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டப் பூ, அதைச் சுற்றி விரற்கடை அளவு வெறும் தோல், அதன் பிறகு மெல்லிய வேலைப்பாடு என்று போட்டால், அந்த வெறும் தோல்தான் வடிவத்தைத் தூக்கிக் காட்டும். ஓரக்கோட்டைத் தடிப்பாகவும் உள்நிரப்பலை மெல்லியதாகவும் இழுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். படத்துக்கு அது இரட்டிப்புப் பலன் தரும்.

முகமும் கையும் ஒரே ஆளுடையதா?

கை மெஹந்தியோடு இருக்கிறது. அதில் ஃபவுண்டேஷன் பூச முடியாது, பூசினால் நிறம் மறையும். முகத்திலோ பல அடுக்கு மேக்கப். இரண்டையும் ஒரே சட்டத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல வைக்கும்போது பொய் உடனே தெரிந்துவிடும். நேரில் மண்டபத்துக் கூட்டத்தில் யாரும் கவனிக்காத இரண்டு ஷேடு வித்தியாசம், க்ளோசப்பில் இரண்டு பேரின் உடலை ஒட்டவைத்ததைப் போலக் காட்டும்.

அதனால் இந்தப் படத்துக்கு ஃபவுண்டேஷன் தேர்வு முகத்தில் மட்டும் நடக்கக் கூடாது. தாடைக்கும் கழுத்துக்கும் இடையில் மூன்று ஷேடுகளைக் கோடாக இழுத்து, பெண்ணை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, அவருடைய கையை முகத்தருகே கொண்டுவந்து பார்க்க வேண்டும். எது கழுத்தில் கரைந்து, முன்கையின் நிறத்துக்கும் முரணாகாமல் இருக்கிறதோ அதுதான் சரியான ஷேடு. உடனே முடிவு செய்யாமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்ப்பது அவசியம். சில ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்து ஒரு ஷேடு கறுக்கும்.

பூசுவதிலும் சிக்கனம் வேண்டும். முகம் முழுக்கத் தடிப்பாக அப்பிப் பிறகு மேலும் பவுடர் போட்டால், கேமரா அருகே வரும்போது தோலுக்குப் பதிலாகப் பூச்சுதான் தெரியும்; கண்ணுக்குக் கீழே விரிசல் விடும். மாய்ஸ்சரைசர் இறங்கிய தோலில் ஃபவுண்டேஷனை மெல்லிய படலமாகப் பரப்பி, கருவளையத்துக்கும் தழும்புக்கும் மட்டும் கன்சீலரைத் தொட்டு ஒற்றி, நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய இடங்களில் மட்டும் பவுடர் வைத்தால் போதும். கன்னத்தில் தோலின் இயல்பான பளபளப்பு கொஞ்சம் இருக்கட்டும். மெஹந்தி போட்ட கையிலும் அதே அளவு ஈரப்பளபளப்பு இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேரும்.

ஃப்ளாஷ் போட்டு எடுப்பதாக இருந்தால் சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷனையும் வெள்ளை எச்.டி. பவுடரையும் முதலில் சோதிக்க வேண்டும். டைட்டானியம் டை ஆக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடு, சிலிக்கா போன்றவை ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் சரியாக இருந்த முகம் படத்தில் சாம்பல் பூத்துவிடும். மேக்கப் முடிந்ததும் ஃப்ளாஷோடு ஒரே ஒரு சோதனைப் படம் எடுத்தாலே இது தெரிந்துவிடும்.

சிவப்பைத் தின்னும் விளக்குகள்

பார்லரின் கண்ணாடியைச் சுற்றியுள்ள எல்.இ.டி. விளக்குகளே போதும் என்று தோன்றும். மெஹந்திக்கு அவை பல நேரம் எதிரி. விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. 80, 90 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. அந்த எண் எட்டு மென்மையான நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆர்9 என்று தனியாகத்தான் அதை அளக்கிறார்கள். மலிவான எல்.இ.டி. விளக்கு மற்ற நிறங்களில் தேறிவிட்டு அடர்சிவப்பில் தோற்றுப்போகும். அதன் கீழ் செக்கச்செவேலென்ற கையும் களையிழந்த பழுப்பாகத்தான் தெரியும். உதட்டுச் சாயமும் அப்படியே.

சூரிய ஒளிக்கு இந்தக் குறை கிடையாது. நேர்வெயில் விழாத ஜன்னல் போதும். அதன் குறுக்கே மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் இன்னும் பரவலாகும். பெண்ணை ஜன்னலுக்கு முழுக்க முகம் காட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் நிழல் இளகும். இப்படிச் சாய்வாக வரும் ஒளியில் தோலின் துளை, ரேகை எல்லாம் தெரியும். ஆனால் முரட்டுத்தனமாகத் தெரியாது. ஒளி நேர் முன்னிருந்து அடித்தால் கை தட்டையாகி மினுங்கும்; முழுப் பக்கவாட்டிலிருந்து வந்தால் ஒவ்வொரு துளையும் பள்ளமாகும்.

அறையிலுள்ள டியூப் லைட்டையும் மஞ்சள் பல்பையும் அணைத்துவிட வேண்டும். ஜன்னல் ஒளியும் அவையும் கலந்தால் கையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். பிறகு எந்தத் திருத்தமும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது. முதல் படத்தில் பெண் கையில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்துக்கொண்டால், அதை வைத்து நிறச் சமநிலையை அமைக்கலாம். மெஹந்தியின் உண்மையான சிவப்பு அந்த அட்டையால்தான் நிலைக்கும்.

கையில் எண்ணெய் தடவி எடுப்பது பழைய பழக்கம். நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் மினுங்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்து கோட்டை மறைக்கும். தடவி, ஐந்து நிமிடம் கழித்து, பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்துவிடுவது நல்லது. கேமராவில் போலரைசர் வடிகண்ணாடி இருந்தால் அதைத் திருப்பித் திருப்பி மினுக்கத்தைக் குறைக்கலாம். முற்றிலும் குறைத்தால் தோல் உயிரற்றுத் தெரியும். பாதியில் நிறுத்த வேண்டும்.

ஃபோகஸ் எவ்வளவு ஆழம்?

நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில், முழுச்சட்ட கேமராவில், 18 சென்டிமீட்டர் அகலம் நிரம்பும்படி கையை எடுப்பதாகக் கொள்வோம். எஃப் 2.8 துளையில் கூர்மையாக வருவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆழம்தான். விரல் கொஞ்சம் மடங்கினால் நுனி கலங்கிவிடும். எஃப் 8-ல் அது ஒன்றரை சென்டிமீட்டர் ஆகும். எஃப் 11-ல் இரண்டு சென்டிமீட்டர். எனவே துளையைச் சுருக்கி, உள்ளங்கைப் பரப்பு லென்ஸுக்கு நேர் இணையாக இருக்கும்படி மணிக்கட்டைத் திருப்பி வைக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் முக்காலி உதவும்; பெண்ணின் முழங்கைக்குக் கீழே தலையணை வைத்தால் கை நடுங்காது.

அந்த ஆழத்துக்குள் முகமும் அடங்க வேண்டுமானால் கை கன்னத்தைத் தொட வேண்டும். இல்லையென்றால் கையைக் கூர்மையாகவும் முகத்தை இளக்கமாகவும் விட்டுவிடலாம். அதுவும் நல்ல படமே.

போனில் எடுப்பவர்கள் வழக்கமான லென்ஸோடு மிக அருகே போகக் கூடாது. கை 25 சென்டிமீட்டரிலும் முகம் 45 சென்டிமீட்டரிலும் இருந்தால், கை முகத்தைவிட இரண்டு மடங்கு வரை பெரிதாகத் தோன்றும். போனில் இருமடங்கு, மும்மடங்கு லென்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பின்வாங்கி எடுப்பது மேல். அழகு ஃபில்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னணியைக் கணக்குப்போட்டு மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியும் வேண்டாம். விரல் ஓரத்தையும் ஜிமிக்கியையும் அது கடித்துவிடும்.

எதை அழிக்கலாம்?

படம் கணினிக்கு வந்த பிறகும் ஆசை வரும். நேற்று முளைத்த பரு, புடவையில் ஒட்டிய நூல், கையில் மிச்சமிருக்கும் மெஹந்தித் துணுக்கு ஆகியவற்றை நீக்குவதில் தவறில்லை. நாளைக்கு அவை இருக்கப்போவதில்லை. மச்சம், துளை, தோலின் நிறம் ஆகியவற்றைத் தொடக் கூடாது. மெஹந்தியின் நிறத்தையும் கூட்டக் கூடாது. அந்தப் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்க்கா" என்று வரும் பெண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுக்க முடியாது.

இந்தக் கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, 2011-ல் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தோன்றிய லான்கோம் ஃபவுண்டேஷன் விளம்பரத்தைத் தடை செய்தது. படத்தில் தெரியும் தோல், அந்தப் பொருளால் கிடைத்ததா, திருத்தத்தால் கிடைத்ததா என்று காட்ட முடியாமல் போனதே காரணம். இந்திய விளம்பரத் தர மன்றமும், கறுத்த நிறத்தை இழிவாகக் காட்டும் தோல் விளம்பரங்களுக்கு எதிராக 2014-ல் நெறிமுறைகளை வெளியிட்டது.

திருத்தம் எல்லை மீறியதா என்பதை அறியப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை ரேகைகள் மெஹந்திக் கோடுகளுக்கு நடுவே தெளிவாக ஓடுகின்றனவா? விரல் மூட்டில் மடிப்பு இருக்கிறதா? நெற்றியோரத்துச் சிறுமுடி தெரிகிறதா? உள்ளங்கை நிறம் புறங்கையைவிட அடர்த்தியா? திருமணத்துக்குப் பார்லர் தேடும் குடும்பத்துக்கும் இதே கேள்விகள் பயன்படும். எல்லாப் படத்திலும் ரேகையே இல்லாத கைகள் இருந்தால், காட்டப்படுவது மேக்கப் கலைஞரின் வேலை அல்ல. வேறொருவர் படத்தை எடுத்துப் போடும் பழக்கமும் இருப்பதால், அதே பெண்ணின் நாலைந்து கோணப் படங்களைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

படத்தைக் கைமாற்றுவதிலும் கவனம் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மெல்லிய கோடுகள் தேயும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஏ4 அளவில் அச்சடிக்கும் நோட்டீஸுக்குக் குறைந்தது 2480 பிக்சல் அகலம் வேண்டும். இன்ஸ்டாகிராமுக்குச் சுருக்கிய பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்காமல், மூலப் படத்தைத் தனியாகச் சேமித்து வைப்பது அதற்காகத்தான். அதோடு, படத்தில் இருக்கும் பெண்ணிடம் எங்கெங்கே, எவ்வளவு காலம் அது பயன்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதும், கல்யாணம் முடிந்து அவர் வேண்டாமென்று சொன்னால் எடுத்துவிடுவதாக அதிலேயே குறிப்பிடுவதும் வெள்ளி மாலை கோனைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்.